பழைய கார் டேப்பிலும் ஆம்ப்ளிஃபயரிலும் போன் பாட்டு: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய மாருதி 800 வெச்சிருக்கேன். டேப்பும் எஃப்.எம்மும் வேலை செய்யுது. ஆக்ஸ் ஓட்டை கிடையாது. டிரான்ஸ்மிட்டர் வாங்கவா, புளூடூத் ரிசீவர் வாங்கவா?

முதலில் செட்டின் முகத்தையும் முதுகையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முகப்பில் ஆக்ஸ் இல்லாத பல செட்டுகளில் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள் இருக்கும். சிடி சேஞ்சர் போன்றவற்றின் பாட்டை உள்ளே வாங்க வைத்தவையாக அவை இருக்கலாம். ஆனால் அவை உள்ளே வாங்கும் துளைகளா, வெளியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் துளைகளா என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பும் துளையில் பாட்டைக் கொடுத்தால் எதுவும் கேட்காது.

உள்ளே வாங்கும் துளை ஏதாவது ஒன்று இருந்தால் புளூடூத் ரிசீவர்தான். போனிலிருந்து வரும் பாட்டை அது வயர் வழியாக நேரே செட்டுக்குள் கொடுத்துவிடும். நடுவில் வானொலி அலையே கிடையாது.

துளை இல்லை, ஆனால் கேசட் ஓடுகிறது என்றால் அடுத்த வழி கேசட் அடாப்டர். கேசட் வடிவில் இருக்கும் அதன் தலைப்பகுதியில் ஒரு சிறிய காந்தத் தலை, டேப்பின் தலையை ஒட்டி உட்கார்ந்து பாட்டை ஊட்டும். வயர் வைத்த அடாப்டரில் ரிசீவரைச் செருகலாம். புளூடூத்தை உள்ளேயே வைத்த கேசட்டும் விற்கிறார்கள். வாங்கும் முன் ஒரு பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். டேப் சக்கரம் சுற்றாமல் இரண்டு நொடியில் வெளியே தள்ளினால், அடாப்டரையும் அப்படியே தள்ளிவிடும். உள்ளே பெல்ட் போயிருக்கும், முதலில் அதை மாற்ற வேண்டும்.

துளையும் இல்லை, கேசட்டும் ஓடவில்லை என்றால்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். வேறு ஊராக இருந்தால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நம் கடற்கரையில் எஃப்.எம். அலைவரிசை காலியாக இருப்பதில்லை என்பதால் சொல்கிறோம்.

ராமநாதபுரத்துல சூப்பரா பாடுது. பாம்பன் பாலம் தாண்டினதும் சிலோன் ஸ்டேஷன் வந்து என் பாட்டை அமுக்கிடுது. டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அது எப்போதும் போலத்தான் வேலை செய்கிறது. அதைவிடப் பலமான அலை வந்து சேர்ந்துவிட்டது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் டிரான்ஸ்மிட்டர் ஒரு குட்டி வானொலி நிலையம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நீங்கள் சொல்லும் எண்ணில் அது ஒலிபரப்பும். காருக்குள் சில மீட்டர் எட்டினால் போதும் என்று வேண்டுமென்றே மிகமிகக் குறைந்த திறனில் செய்திருப்பார்கள். எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு அலைகள் வந்தால், தெளிவாகப் பலமாக இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை முழுதாக விட்டுவிடும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக வந்தால் ஒரு நொடி இது, ஒரு நொடி அது என்று தாவும். பாலத்தைத் தாண்டும்போது முதலில் இந்தத் தாவல் தொடங்கியிருக்கும். ராமேஸ்வரத்துக்குள் போனதும் அந்தப் பக்கத்து நிலையம் முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலையும் கட்டடமும் அதைத் தடுக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தண்ணீர்தான். தடுக்க ஒரு மேடுகூட இல்லை. அதோடு வெயில் நாட்களில் நிலத்துச் சூடான காற்று கடலின் ஈரக்காற்றுக்கு மேல் படர்ந்து ஒரு கூரை போல நிற்கும். அந்தக் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே அலை சிக்கிக்கொண்டு, சாதாரணமாக எட்டாத தூரம்வரை வந்துவிடும். அதனால்தான் காற்று அடங்கிய மாலையிலும் இரவிலும், வழக்கமாகக் கேட்காத நிலையங்கள்கூட நம் பக்கம் உள்ளூர் நிலையம்போலக் கேட்கின்றன. காலையில் காலியாக இருந்த எண் ராத்திரி நிரம்பியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்போ எந்த நம்பர்ல வைக்கணும்? ஒரு நல்ல நம்பரா சொல்லுங்க.

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் உங்களுக்கான எண்ணை ஒரே ஒரு இரவுப் பயணத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளும் பேனாவும் போதும். கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, ரேடியோவை 87.5-இல் வைத்து, தானாகத் தேடும் பட்டனை விட்டுவிட்டு, கையால் ஒவ்வொரு 0.1 ஆக நகர்த்திக் கேளுங்கள். தானாகத் தேடினால் பலமான நிலையங்களில் மட்டும் நிற்கும், லேசாக முணுமுணுப்பவற்றைத் தாண்டிப் போய்விடும். நமக்குத் தொல்லை தருவது அந்த முணுமுணுப்புகள்தான்.

தேடுவது நிலையத்தை அல்ல, நிலையம் இல்லாத இடத்தை. மழை பெய்வது போல ஒரே சீரான இரைச்சல் வரும் இடம்தான் காலி. அந்த இரைச்சலுக்குள் தூரத்தில் யாரோ பேசுவதுபோல இருந்தாலோ, இரைச்சல் திடீரென்று அடங்கிப்போய் மௌனமாக இருந்தாலோ அது காலி இல்லை. மௌனம் என்றால் அங்கே ஒரு நிலையத்தின் அலை வருகிறது, பேச்சு மட்டும் அந்த நொடியில் இல்லை என்று அர்த்தம். காலியான எண்ணுக்கு இரண்டு பக்கமும் 0.2 வரை, முடிந்தால் 0.3 வரை, அதே சீரான இரைச்சல் இருக்க வேண்டும். பக்கத்து எண்ணில் பலமான நிலையம் இருந்தால் அது வழிந்து உங்கள் எண்ணுக்குள்ளும் வரும். பழைய செட்டுகள் இதில் ரொம்ப மோசம்.

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் ஒருவரின் தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக மட்டுமே இந்த எண்கள். உங்கள் ரேடியோவில் வேறு வரும். வீட்டு வாசலில் இரவு 8 மணிக்கு 87.7, 88.5, 94.9, 105.3 நான்கும் காலி. மண்டபத்தில் நிறுத்திக் கேட்டால் 94.9-இல் யாரோ பேசுகிறார்கள், அதை அடித்துவிடுகிறார். ராமேஸ்வரத்தில் 88.5-இல் பாட்டே கேட்கிறது, அதுவும் போயிற்று. அரிச்சல்முனைப் பக்கம் போனதும் 105.3-இல் மெல்லிய முணுமுணுப்பு. கடைசிவரை தாக்குப்பிடித்தது 87.7. அவர் டிரான்ஸ்மிட்டரை 87.7-இல் வைக்க வேண்டும். 105.3-ஐ ரேடியோவின் இரண்டாவது நினைவுப் பட்டனில் போட்டு வைத்தால், என்றாவது 87.7 மக்கர் செய்யும்போது கைகொடுக்கும்.

இந்தத் தேடலைக் கடைசி ஊரிலிருந்து தொடங்குவது இன்னும் சுலபம். உங்கள் பயணத்தில் கடலுக்கு மிக நெருக்கமான இடம் எதுவோ, அங்கே இரவில் தேறிய எண் உள்ளே பரமக்குடிப் பக்கம் வரும்போது பெரும்பாலும் தேறிவிடும். பகலில் வீட்டு வாசலில் தேறிய எண்ணை நம்பிக் கடற்கரைக்குப் போக முடியாது.

இரண்டு எண்களை ஒதுக்கியே வையுங்கள். 90.4 பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. 100.5 கொடைக்கானல் வானொலி. இரண்டையும் சுற்றி 0.3 தள்ளியே இருங்கள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் கடல் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நிறுத்திய உங்கள் வண்டி அதன் மேல் பாடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த சில செட்டுகள் 87.9, 88.1, 88.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும். அப்படிப்பட்ட செட் என்றால் தேடலும் ஒற்றைப்படையில்தான். முள் வைத்த பழைய ரேடியோவில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். டிரான்ஸ்மிட்டரை ஒரு எண்ணில் வைத்துவிட்டு, முள்ளைத் திருப்பிக் காதால் பிடியுங்கள்.

நம்பர் காலியாத்தான் இருக்கு. ஆனாலும் பாட்டுக்குப் பின்னாடி சர்ருன்னு இரைச்சல் நிக்கவே மாட்டேங்குது.

டிரான்ஸ்மிட்டரின் அலை ரேடியோவுக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: அலை கிளம்பும் இடம், அலை போய்ச் சேரும் ஏரியல்.

கிளம்பும் இடம் முதலில். சிகரெட் துளை பல பழைய கார்களில் கியர் பக்கம் தாழ்வாக, சுற்றிலும் தகரம் சூழ இருக்கும். சின்ன அலை அங்கேயே மடங்கிப் போகும். ஒரு சோதனை செய்யுங்கள்: பாட்டு ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை விரலால் தொடுங்கள், அதன் சார்ஜிங் வயரை மேலே தூக்கிப் பிடியுங்கள். இரைச்சல் குறைந்தால் இடம்தான் பிரச்சினை. அரை மீட்டர் நீள லைட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கி, டிரான்ஸ்மிட்டரை டேஷ்போர்டின் மேல், ஏரியல் இருக்கும் பக்கமாக வையுங்கள். பல வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

ஏரியல் அடுத்து. உப்புக்காற்றில் ஏரியல் அடியில் இருக்கும் நட்டும் வாஷரும் துருப்பிடித்து, பாடியோடு சேர வேண்டிய எர்த் விட்டுப்போயிருக்கும். பார்த்தால் கம்பி பளபளவென்று நிற்கும், அடியில் மாவு மாதிரி வெள்ளைப் பூப்பு. செட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியல் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பிளக்கின் நடுமுனைக்கும் ஏரியல் கம்பியின் நுனிக்கும் இடையே 1 ஓமுக்கு மேல் அதிகம் போகக் கூடாது. பிளக்கின் வெளி உறைக்கும் வண்டியின் பாடிக்கும் அதே மாதிரி 1 ஓமுக்குள். நடுமுனைக்கும் உறைக்கும் இடையே மட்டும் தொடர்பே இருக்கக் கூடாது. அங்கே சில ஆயிரம் ஓம் காட்டினால் அடிப்பகுதிக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது; கழற்றித் துடைத்தாலும் சில வாரத்தில் திரும்ப வரும், ஏரியலையே மாற்றிவிடுங்கள். வெறும் துரு என்றால் நட்டின் அடியில் பாடி உலோகம் தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் பூசினால் போதும்.

செட்டில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். ஸ்டீரியோவைச் சுத்தமாகக் கேட்க, மோனோவைவிடப் பல மடங்கு பலமான அலை வேண்டும். மோனோவுக்கு மாற்றியதும் பாதி இரைச்சல் போய்விடும். முன்னால் இரண்டே ஸ்பீக்கர் வைத்த சிறிய காரில் இதனால் இழப்பும் பெரிதாகத் தெரியாது.

ராமேஸ்வரத்துலேயே குடியிருக்கேன். எந்த நம்பரும் ராத்திரில நிக்கல. வேற வழியே இல்லையா?

இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலையை ரேடியோவுக்குள் விடாமல் செய்வதுதான் அந்த வழி. ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவே இணைக்கும் எஃப்.எம். மாடுலேட்டர் என்று ஒரு பெட்டி கிடைக்கும். ஏரியல் பிளக்கைக் கழற்றி அந்தப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியிலிருந்து வரும் பிளக் செட்டுக்குள் போகும். அதோடு வரும் சுவிட்சைப் போட்டால் ஏரியல் துண்டிக்கப்பட்டு, உங்கள் பாட்டு வயர் வழியாகவே ரேடியோவுக்குள் நுழையும். சுவிட்சை அணைத்தால் பழையபடி கடல் ஓசை கேட்கலாம். பாட்டை அதன் ஆக்ஸ் துளைக்குக் கொடுக்க ஒரு புளூடூத் ரிசீவரும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். செலவு கூடத்தான், ஆனால் தீவுக்குள் தினம் ஓட்டுகிறவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

காசு போடும் முன் இலவசமாக ஒரு சோதனை: ஏரியல் பிளக்கைச் செட்டிலிருந்து உருவிவிட்டு, சாதாரண டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டுப் பாருங்கள். வெளி நிலையங்கள் ஒடுங்கிப்போய், பக்கத்திலேயே இருக்கும் உங்கள் பாட்டு மேலே வந்தால், மாடுலேட்டர் கண்டிப்பாகத் தீர்த்து வைக்கும்.

பாட்டு சத்தமான இடத்துல கரகரன்னு உடையுது. வால்யூம் எங்க எவ்வளவு வைக்கணும்?

போன், டிரான்ஸ்மிட்டர், கார் செட் என்று மூன்று வால்யூம் இருக்கின்றன. உடைவது பெரும்பாலும் நடுவில் உள்ளதால். எஃப்.எம்மில் பாட்டின் சத்தம்தான் அலையின் எண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்கிறது. அந்த அசைவுக்கு 75 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ரேடியோவால் பின்தொடர முடியாமல் கரகரக்கும். ரொம்பக் குறைத்தாலும் தப்பு: பாட்டு அடங்கிப்போய் இரைச்சல் மேலே வரும்.

சரியான அளவைக் காதாலேயே பிடிக்கலாம். போனை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள். கார் செட்டைப் பேசும் அளவுக்கு வைத்து, 100.5 போல ஏதாவது ஒரு நிலையத்தைக் கேளுங்கள். பிறகு கார் வால்யூமைத் தொடாமல் உங்கள் எண்ணுக்கு மாறுங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை டிரான்ஸ்மிட்டர் வால்யூமைக் கூட்டுங்கள், குறையுங்கள். அதற்குப் பிறகு கூட்டவோ குறைக்கவோ கார் செட்டை மட்டும் திருப்புங்கள். போனில் பாஸைத் தூக்கும் ஈக்வலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள், எல்லையை முதலில் தாண்டுவது அதுதான்.

மேடு பள்ளத்துல டிரான்ஸ்மிட்டர் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. வண்டியை நிறுத்தினப்புறமும் சில நேரம் லைட் எரியுது.

அணைந்து வருவது துளையின் அடியில் உள்ள நடுமுனையால். உப்பு படிந்து பச்சையாகியிருக்கும், அல்லது பிடி தளர்ந்திருக்கும். முதலில் அந்தத் துளைக்கான ஃபியூஸைக் கழற்றுங்கள். கழற்றாமல் உள்ளே எதையாவது விட்டால் பொறி பறக்கும். பிறகு ஒரு குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

லைட் எரிவது, சாவியை எடுத்தாலும் அந்தத் துளைக்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு அடையாளம். டிரான்ஸ்மிட்டர் 60 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு சுமார் 1.4 ஆம்பியர்-மணி. பத்து நாள் வண்டியை எடுக்காமல் நிறுத்தினால் 14. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் மூன்று வருஷம் ஓடியது என்றால், பதினோராம் நாள் செல்ஃப் எடுக்காமல் போகலாம். வண்டியை விட்டு இறங்கும்போது உருவி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ் இருக்கிற கார்ல ரிசீவர் மாட்டினேன். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா கூடவே ஊய்ங்னு ஒரு சத்தம் ஏறுது.

ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. ரிசீவருக்கு எர்த் இரண்டு வழியாக வருகிறது: ஒன்று சார்ஜர் வழியாக, இன்னொன்று ஆக்ஸ் வயரின் உறை வழியாக. வண்டியின் பாடியில் இந்த இரண்டு இடத்துக்கும் மின்னழுத்தம் துளி வித்தியாசப்படும். அந்த வித்தியாசம் ஆக்ஸ் வயரில் ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. பழைய, துருப்பிடித்த எர்த் உள்ள வண்டியில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

உறுதி செய்ய ஒரு நிமிஷம் போதும். உள்ளே பேட்டரி உள்ள ரிசீவர் என்றால் சார்ஜிங் வயரை உருவுங்கள். இல்லாததென்றால் கார் சார்ஜருக்குப் பதில் பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஊய்ங் உடனே நின்றால் காரணம் இதுதான். நிற்காவிட்டால் செட்டின் எர்த் வயரையே பார்க்க வேண்டும், ரிசீவரை மாற்றிப் பயனில்லை.

தீர்வு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய உருளை. ஆக்ஸ் வயரின் நடுவே செருகுவது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்; பாட்டு காந்தம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. மலிவானவற்றில் பாஸ் கொஞ்சம் மெலியும். அது பிடிக்காதவர்கள் ரிசீவரை வீட்டில் சார்ஜ் செய்து, காரில் பேட்டரியில் மட்டும் ஓட்டலாம்.

பென் டிரைவ் மாதிரி இருக்கிற புளூடூத் குச்சி வாங்கினேன். யு.எஸ்.பி.ல செருகினா போன்ல கனெக்ட் ஆகுது, சத்தம் மட்டும் வரல.

பெரும்பாலான குச்சிகள் யு.எஸ்.பி.யிலிருந்து மின்சாரம் மட்டும்தான் எடுக்கும். பாட்டு அதன் வாலில் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே வரும். அங்கிருந்து ஆக்ஸுக்கு ஒரு வயர் போட்டு, செட்டையும் ஆக்ஸுக்கு மாற்ற வேண்டும். செட்டில் ஆக்ஸும் இல்லை, முதல் கேள்வியில் சொன்ன ஆர்.சி.ஏ. துளையோ கேசட் அடாப்டர் வழியோ கூட இல்லை என்றால் அந்தக் குச்சி உங்களுக்கு உதவாது.

வாப்பா சவுதில இருந்து கொண்டு வந்த ஆம்ப்ளிஃபயர் வீட்ல இருக்கு. பின்னாடி அஞ்சு துளை உள்ள வட்ட சாக்கெட்டும், ஃபோனோன்னு எழுதின ரெண்டு ஓட்டையும் இருக்கு. எதுல கொடுக்கிறது?

கரண்ட் கொடுக்கும் முன் பின்பக்க வோல்டேஜ் சுவிட்சைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சவுதியில் பல இடங்களில் 110, 127 வோல்ட் ஓடியது. சுவிட்ச் 220-இல் அல்லது 240-இல் இருக்க வேண்டும். சுவிட்சே இல்லாமல் 110 மட்டும் எழுதியிருந்தால் தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது.

ஃபோனோவைத் தொடாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் மிகச் சின்ன மின்னழுத்தத்துக்கானது. ரிசீவரைக் கொடுத்தால் அடைத்த தொண்டையில் கத்துவது போலப் பாஸ் பொங்கி உடையும். டேப் அல்லது ட்யூனர் என்று எழுதிய அந்த வட்ட சாக்கெட்தான் உங்களுடையது. டின் சாக்கெட் என்பார்கள். பிளக்கின் உள்ளே பொடியாக எண்கள் பொறித்திருக்கும். 2 எர்த், 3 இடது, 5 வலது. 1-உம் 4-உம் டேப் சாக்கெட்டில் பதிவு செய்ய வெளியே அனுப்புபவை, அவற்றை விட்டுவிடுங்கள். பற்ற வைக்கும்போது எண் வரிசையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3 என்றுதான் இருக்கும், 2 நடுவில். பற்ற வைக்கத் தெரியாவிட்டால் டின்னிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்கு ஆயத்த வயர் கிடைக்கும். சில பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு ரிசீவரின் சத்தமே அதிகம். உடைந்தால் போன் வால்யூமைப் பாதிக்குக் குறையுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ம்ம்ம் என்று உறுமினால், அதற்கும் புளூடூத்துக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் பவர் சப்ளை கபாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அதை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

டீக்கடை மைக்செட் ஆம்ப்ளிஃபயர்ல ரிசீவர் போட்டேன். சில பாட்டுல இசை மட்டும் வருது, பாடுறவங்க குரலையே காணோம்!

ஒரு பாட்டில் குரல் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். நீங்கள் ரிசீவரைச் செருகியது ஆம்ப்ளிஃபயரின் பெரிய மைக் துளையில் இருக்கும். அது சமநிலை வகை: பிளக்கின் நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். ஸ்டீரியோ பிளக்கில் நுனி இடது, வளையம் வலது. இரண்டிலும் சமமாக உள்ள குரல் கழிந்துபோகிறது. ஒரு பக்கம் மட்டும் உள்ள வயலினும் புல்லாங்குழலும் மிஞ்சுகின்றன. ஆக்ஸ் துளையிலும் இதே நடந்தால் வயரின் எர்த் அறுந்திருக்கும்.

மைக் துளையை விட்டு ஆக்ஸுக்கு மாறுங்கள். அது மோனோ என்பதால் இடதும் வலதும் ஒன்றாகச் சேர வேண்டும். இரண்டையும் நேரே முறுக்கிவிட்டால் ரிசீவரின் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று மோதும். இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள். கால் வாட் போதும். இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று. அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து மோனோ பிளக்கின் நுனியில் பற்றவையுங்கள், எர்த்தை உறையில். இப்போது குரலும் முழுசாக வரும், இரண்டு பக்க வாத்தியங்களும் வரும். ரெசிஸ்டர் இல்லாமல் ஸ்டீரியோ பிளக்கை அப்படியே மோனோ ஆக்ஸ் துளையில் செருகினால் வளையம் எர்த்தைத் தொட்டு வலது பக்கம் முழுதும் தொலையும்.

டிரான்ஸ்மிட்டர்ல வயர் கட்டி ரேஞ்ச் கூட்டி, பக்கத்துப் படகுக்கெல்லாம் கேக்கிற மாதிரி செய்யலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். அதோடு கரையில் வானிலை எச்சரிக்கை கேட்கிறவரின் ரேடியோவை அது மூடிவிடக்கூடும். படகில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தால் புளூடூத் ரிசீவரே போதும்; ரிசீவரைத் தண்ணீர் தெறிக்காத டப்பாவுக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா அலையைத் தடுக்காது, எவர்சில்வர் டப்பா தடுத்துவிடும்.

கடல் காத்துல இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

உள்ளே இருக்கும் சர்க்கியூட்டைவிட வாய்தான் முதலில் போகும்: சார்ஜிங் துளை, 3.5 மில்லிமீட்டர் பிளக், லைட்டர் முனை. மாதம் ஒருமுறை பிளக்கை உலர்ந்த துணியால் துடைத்து, துளைக்குள் ஐந்தாறு முறை செருகி உருவினால் மேலே படிந்தது தேய்ந்து போகும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடினால் ரிசீவரைத் தூக்கிப் போடும் முன் பிளக்கை மெல்லத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கமும் உயிர் பெற்றால் ஒரு புது வயர் போதும்.